மீன் தடைக்காலமும் கீழே சரியும் கோடும்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் தூத்துக்குடியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கரை முழுக்க ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்குவதற்காக விடப்படும் காலம் அது. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். சந்தைக்கு வரும் மீன் குறையும், விலை ஏறும்.

என் அக்கா வீட்டில் ஐந்து பேர். மாதச் செலவில் மீனுக்கும் கோழிக்கும் சேர்த்து 2,400 ரூபாய் எடுத்து வைப்பாள். பாதி மீனுக்கு, பாதி கோழிக்கு என்பது அவள் வழக்கம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக விலைகளை முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். மீன் கிலோ 300 ரூபாய், கோழி கிலோ 200 ரூபாய். அப்படியென்றால் மாதம் 4 கிலோ மீன், 6 கிலோ கோழி. தடைக்காலத்தில் மீன் 400 ரூபாய் ஆகிறது. கோழி விலை மாறவில்லை. அக்கா இப்போது 3 கிலோ மீன் வாங்குகிறாள். கோழி அதே 6 கிலோ.

விலை 300 என்றால் 4 கிலோ. 400 என்றால் 3 கிலோ. விலையைச் செங்குத்து அச்சிலும் அளவைக் கிடை அச்சிலும் வைத்து இந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்தால், இடமிருந்து வலமாகக் கீழே சரியும் ஒரு கோடு கிடைக்கும். அதுதான் தேவைக்கோடு. இதைப் பார்க்கத் தடைக்காலம் போல நல்ல சந்தர்ப்பம் கிடைப்பது அரிது. இங்கே மாறியது கடலிலிருந்து வரும் வரத்து மட்டும். அக்காவின் நாக்கும் வீட்டு வருமானமும் கோழி விலையும் அப்படியே இருக்கின்றன. அதனால் அவள் ஒரே கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்ந்திருக்கிறாள். கோடு இடம் மாறவில்லை. சம்பளம் உயர்ந்து, பழைய விலையிலேயே அதிக மீன் வாங்கியிருந்தால் அதைக் கோடே வலப்பக்கம் நகர்ந்தது என்போம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி, கோடு ஏன் சரிகிறது என்பது. கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால், "விலை ஏறினால் கொஞ்சமாகத்தானே சார் வாங்குவாங்க" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கோட்டின் வடிவத்தையே வாயால் சொல்வது. காரணம் இன்னும் வரவில்லை. காரணத்தை அக்காதான் ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள். "ஒரு கிலோ மீன் வாங்குற காசுக்கு இப்ப ரெண்டு கிலோ கோழி வருது. முந்தி ஒன்றரைதான் வந்துச்சு. கோழி மலிவாத் தெரியுதுல்ல?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதோட, கையில இருக்கிற காசும் சுருங்கிப் போச்சுடா" என்றாள்.

அவள் சொன்ன இரண்டும் இரண்டு தனித்தனிக் காரணங்கள். முதலாவது, மீனுக்கும் கோழிக்கும் இடையிலான ஒப்பு விலை மாறியது. கோழியின் விலைச்சீட்டு மாறாவிட்டாலும், மீனோடு வைத்துப் பார்க்கும்போது கோழி மலிந்துவிட்டது. மனம் மலிந்ததன் பக்கம் சாய்கிறது. இதற்குப் பதிலீட்டு விளைவு என்று பெயர். இரண்டாவது, அதே 2,400 ரூபாய்க்கு இப்போது முன்பு வாங்கிய அளவுக்கு வாங்க முடியாது. சம்பளக் கவரில் உள்ள நோட்டுகள் குறையவில்லை, அவற்றின் வாங்கும் சக்தி குறைந்துவிட்டது. இது வருமான விளைவு. பெயரைப் பார்த்து ஏமாந்து, யாருக்கோ சம்பளம் மாறியதாக நினைத்துத் தேர்வில் எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இங்கே மாறியது விலை ஒன்றுதான். அந்த விலை மாற்றம் வீட்டை எவ்வளவு ஏழையாக்கியது அல்லது வசதியாக்கியது என்பதே வருமான விளைவு.

இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் வெளியில் பார்ப்பவருக்கு 4 கிலோ 3 ஆனது மட்டுமே தெரியும். அதில் எவ்வளவு பதிலீடு, எவ்வளவு வருமானம் என்று எப்படிப் பிரிப்பது? கீவில் கற்பித்துவந்த யூஜின் ஸ்லட்ஸ்கி 1915இல் ஓர் இத்தாலியப் பொருளியல் இதழில் இதற்கு வழி சொன்னார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கட்டுரை ஏறக்குறைய யார் கண்ணிலும் படவில்லை. 1934இல் லண்டனில் ஜான் ஹிக்ஸும் ராய் ஆலனும் தாங்களாகவே ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னோடி ஒருவர் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. ஹிக்ஸ் தம் நூலில் அந்தப் பெருமையை ஸ்லட்ஸ்கிக்கே கொடுத்தார்.

ஸ்லட்ஸ்கியின் வழி இதுதான். விலை ஏறிய பிறகு, பழைய கூடையை அப்படியே வாங்கும் அளவுக்குக் கூடுதல் பணத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகக் கற்பனை செய்ய வேண்டும். அக்காவின் பழைய கூடை 4 கிலோ மீன், 6 கிலோ கோழி. புது விலையில் அதற்கு 1,600 கூட்டல் 1,200, மொத்தம் 2,800 ரூபாய். அவளிடம் இருப்பது 2,400. எனவே 400 ரூபாயை அவள் கையில் வைக்கிறோம். இப்போது வாங்கும் சக்தி போய்விட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேண்டுமானால் பழையபடியே சாப்பிடலாம். அப்படிச் சாப்பிடுவாளா? பாதிக்குப் பாதி என்பது அவள் வழக்கம். 1,400 ரூபாய்க்கு மூன்றரைக் கிலோ மீன், 1,400 ரூபாய்க்கு 7 கிலோ கோழி வாங்குவாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மீன் அரைக் கிலோ குறைந்திருக்கிறது. அந்த அரைக் கிலோ பதிலீட்டு விளைவு. பிறகு 400 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டால் 3 கிலோ மீனுக்கும் 6 கிலோ கோழிக்கும் வந்துவிடுவாள். இந்த இன்னோர் அரைக் கிலோ வருமான விளைவு.

கோழியையும் இங்கே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆரம்பத்தில் 6 கிலோ, முடிவில் 6 கிலோ. மீன் விலை கோழியைத் தொடவே இல்லை என்று தோன்றும். உள்ளே நடந்தது வேறு. பதிலீட்டு விளைவு கோழியை 6இலிருந்து 7க்கு ஏற்றியது. வருமான விளைவு அதை 7இலிருந்து 6க்கு இறக்கியது. இரண்டு விசைகள் எதிரெதிரே இழுத்து, கயிறு நடுவில் நின்றுவிட்டது. பாடப்புத்தகத்தில் இதைப் படம் போட்டு விளக்குவதைவிட இந்த ஒரு கிலோ போய்வந்த கதை மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

இப்போது முக்கியமான கேள்வி. பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அக்கா மீனைக் குறைத்தாள், சரி. வேறொருவர் கூட்டக் கூடாதா? கூடாது என்பதை விருப்பம், திருப்தி பற்றி எதுவும் பேசாமல் கணக்கிலேயே காட்டலாம். 2,800 ரூபாயில் அவள் 5 கிலோ மீனும் 4 கிலோ கோழியும் வாங்குவதாக வைப்போம்: 2,000 கூட்டல் 800, பணம் சரியாக இருக்கிறது. அதே கூடை தடைக்காலத்துக்கு முன் எவ்வளவு? 1,500 கூட்டல் 800, ஆக 2,300 ரூபாய். அப்போது அவளிடம் 2,400 இருந்தது. அந்தக் கூடையை வாங்கி 100 ரூபாய் மிச்சமும் பிடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத்தான் 4 கிலோ மீன், 6 கிலோ கோழி என்ற கூடையை எடுத்தாள். இன்றும் அந்தப் பழைய கூடை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அன்று வேண்டாம் என்று ஒதுக்கியதை இன்று ஏன் எடுக்க வேண்டும்? மீன் அதிகமாக உள்ள எந்தக் கூடையை 2,800 ரூபாய்க்குள் போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான்: பழைய விலையில் அது 2,400க்குள் அடங்கியிருக்கும், அவள் ஒதுக்கியிருப்பாள். மனதுக்குள் எட்டிப்பார்க்காமல், ஒருவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை மட்டும் வைத்து வாதம் செய்யும் இந்த முறையை 1938இல் பால் சாமுவேல்சன் தொடங்கிவைத்தார். பதிலீட்டு விளைவு ஒருபோதும் திசை மாறாது என்ற உறுதி இங்கிருந்துதான் வருகிறது. முறையாக எடுத்து அடுக்கினால் நாலு வரியில் முடிந்துவிடும் இந்த நிரூபணம் எனக்கு இன்றும் மிகவும் பிடித்த ஒன்று.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். கனடாவில் கரிம வெளியேற்றத்தைக் குறைப்பதற்காக எரிபொருளின் மேல் ஒரு கட்டணம் போட்டார்கள். தமிழர்கள் ஏராளமாக வாழும் ஒன்டாரியோவில் அது 2019 ஏப்ரலில் வந்தது, 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. வசூலித்ததில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். எவ்வளவு பெட்ரோல் போடுகிறீர்கள் என்று பார்த்து அல்ல. குடும்பத்தில் எத்தனை பேர் என்பது போன்றவற்றைப் பார்த்து. "ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்தால் யார் பெட்ரோலைக் குறைப்பார்கள்?" என்பது அங்கே பலரும் எழுப்பிய கேள்வி. அக்காவின் கையில் வைத்த 400 ரூபாய்தான் அதற்கு விடை. பணம் திரும்பி வந்தாலும் பெட்ரோல் பங்கில் விலை ஏறித்தான் இருக்கிறது. குறையும் அளவு சிறிதாக இருக்கலாம், பெரிதாக இருக்கலாம். குறைக்கும் திசையில் இழுக்கும் விசை மட்டும் நின்றுபோவதில்லை.

இதற்கு நேர்எதிரான ஒன்று நம் ஊர் ரேஷன் கடையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி. மாதம் 40 கிலோ அரிசி தேவைப்படும் ஒரு வீட்டுக்கு அதில் 20 கிலோ இலவசமாகக் கிடைக்கிறது என்று வைப்போம். அரிசி விலை பூச்சியம் ஆகிவிட்டதால் அந்த வீடு அரிசியை அள்ளிச் சாப்பிடுமா? இல்லை. ஒரு கிலோ கூடுதலாக வேண்டுமென்றால் வெளிக்கடையில் முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முடிவு எடுக்கும் இடத்தில், அதாவது கடைசிக் கிலோவில், விலை மாறவே இல்லை. ஆகவே பதிலீட்டு விளைவு இல்லை. வெளியில் கிலோ 50 ரூபாய் என்றால், 20 கிலோ இலவச அரிசி என்பது கையில் 1,000 ரூபாய் கொடுத்ததற்குச் சமம். அந்த ஆயிரம் மீனாகலாம், நோட்டுப் புத்தகமாகலாம், சீட்டுப் பணமாகலாம். இது தனி வருமான விளைவு. ரேஷன் அரிசியை இட்லி மாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டுச் சோற்றுக்கு வேறு அரிசி வாங்கும் வீடுகளில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே அவை இரண்டு வேறு பண்டங்கள்.

வருமான விளைவுக்குப் பதிலீட்டு விளைவின் உறுதி கிடையாது. அதன் அளவு, அந்தப் பொருள் குடும்பச் செலவில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. உப்பு விலை இரண்டு மடங்கானாலும் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். வீட்டு வாடகை கால்பங்கு ஏறினாலே குடும்பம் ஆடிப்போகும். அதன் திசையோ, கையில் காசு சேர்ந்தால் அந்தப் பொருளைக் கூட்டுவோமா குறைப்போமா என்பதைப் பொறுத்தது. கூட்டுவோம் என்றால் அது இயல்புப் பண்டம். மீன் அப்படி, இரண்டு விளைவுகளும் ஒரே பக்கம் இழுக்க, கோடு சந்தேகமில்லாமல் சரிகிறது. குறைப்போம் என்றால் அது தாழ்ந்த பண்டம். தரம் கெட்டது என்று பொருள் இல்லை, வசதி வந்தால் கைவிடப்படுவது என்று மட்டுமே பொருள். அங்கே இரண்டு விளைவுகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

அந்த இழுபறியை ஒரு மாணவனின் மதியச் சாப்பாட்டில் பார்க்கலாம். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மாதம் 30 மதியம், கையில் 1,800 ரூபாய். மெஸ்ஸில் முழுச் சாப்பாடு 80, தள்ளுவண்டியில் தக்காளிச் சாதம் 40. அவனுக்குப் பிடித்தது முழுச் சாப்பாடு. ஆனால் ஒரு வேளையும் பட்டினி கிடக்க முடியாது. 15 நாள் சாப்பாடு, 15 நாள் தக்காளிச் சாதம் என்றால் 1,200 கூட்டல் 600, பணம் சரியாகிவிடும். இப்போது தக்காளிச் சாதம் 50 ரூபாய் ஆகிறது. பழையபடி சாப்பிட 1,950 ரூபாய் வேண்டும், இல்லை. துண்டு விழும் 150 ரூபாயை எங்கே பிடிப்பது? தக்காளிச் சாதத்தைக் குறைத்தால் அந்த நாளுக்கு 80 ரூபாய்ச் சாப்பாடு வாங்க வேண்டும், செலவு இன்னும் ஏறும். முழுச் சாப்பாட்டைத்தான் குறைக்க வேண்டும். ஒரு நாள் மாற்றினால் 30 ரூபாய் மிச்சம், ஐந்து நாள் மாற்றினால் 150. ஆக 10 நாள் சாப்பாடு, 20 நாள் தக்காளிச் சாதம். விலை ஏறியதும் அதே பொருளை 15இலிருந்து 20க்குக் கூட்டியிருக்கிறான். கோடு மேல்நோக்கிப் போகிறது.

இதற்குக் கிஃபன் பண்டம் என்று பெயர். ராபர்ட் கிஃபன் என்பவர் சுட்டிக்காட்டியதாகச் சொல்லி, ரொட்டி விலை ஏறும்போது ஏழைக் குடும்பங்கள் இறைச்சியைக் கைவிட்டு ரொட்டியையே அதிகம் வாங்கும் நிலையை ஆல்ஃபிரட் மார்ஷல் 1895இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் எழுதினார். அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் நம்பகமான சான்று யாருக்கும் எளிதில் சிக்கவில்லை. ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சீனாவின் ஹுனான், கான்சு மாகாணங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, கோதுமை விலையைக் குறைக்கும் கூப்பன்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. ஹுனானில் அரிசி மலிந்தபோது குடும்பங்கள் அரிசியைக் குறைத்தன. சலுகையை எடுத்ததும் கூட்டின. கான்சுவில் கோதுமைக்குச் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. மிகமிக ஏழைகளிடம் இந்த நடத்தை காணப்படவில்லை என்பது அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி.

அது ஏன் என்பதும் அந்த மாணவனின் கணக்கிலேயே இருக்கிறது. அவன் கையில் 1,200 ரூபாய்தான் என்றால், முதலிலேயே 30 நாளும் தக்காளிச் சாதம்தான். விலை 50 ஆனால் 24 நாள் சாப்பிடலாம், ஆறு நாள் பட்டினி. விட்டுக்கொடுக்க முழுச் சாப்பாடு ஒன்றுகூட இல்லாதவனுக்குக் கோடு வழக்கம்போல் சரிகிறது. கையில் 2,400 உள்ளவன் தள்ளுவண்டிப் பக்கமே போவதில்லை. 1,800 ரூபாய்க்காரனும் எல்லை வரைதான்: தக்காளிச் சாதம் 60 ஆனால் 30 நாளும் அதுவேதான், 72 ஆனால் 25 நாள். மேலே ஏறிய கோடு அங்கே திரும்பி வளைந்துவிடுகிறது. இத்தனை இடுக்கான சந்தில்தான் கிஃபன் பண்டம் வாழ முடியும்: அந்தப் பொருள் செலவில் பெரும்பகுதியாக இருக்க வேண்டும், தாழ்ந்த பண்டமாக இருக்க வேண்டும், அதைவிட மலிவான மாற்று இருக்கக் கூடாது, விட்டுக்கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். தாழ்ந்த பண்டங்கள் எல்லாம் கிஃபன் என்று எழுதினால் மதிப்பெண் போவது இதனால்தான். பெரும்பாலான தாழ்ந்த பண்டங்களில் பதிலீட்டு விளைவே வெல்கிறது. ஒரு தெருவில் உள்ள அத்தனை பேரின் தேவையையும் கூட்டிச் சந்தைக்கோடு வரையும்போது, இந்தச் சந்தில் நிற்கும் சிலரின் ஏற்றம் மற்றவர்களின் சரிவில் கரைந்துபோகிறது.

ஜூன் 15 விடியும்முன் விசைப்படகுகள் கிளம்பிவிடும். மீன் மறுபடி 300க்கு இறங்கட்டும். அக்கா 3 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குத் திரும்புவாள். வகுப்பில் இந்த இறக்கத்தையும் பிரித்துக் காட்டச் சொன்னேன். ஒரு மாணவி பலகையில் போட்டாள்: தடைக்காலக் கூடையான 3 கிலோ மீனும் 6 கிலோ கோழியும் இப்போது 2,100 ரூபாய், எனவே 300 ரூபாயை எடுத்துவிட வேண்டும், 2,100இல் பாதிக்கு மூன்றரைக் கிலோ மீன், 300ஐத் திருப்பிக் கொடுத்தால் 4 கிலோ. சரியாகத்தான் போட்டிருந்தாள், ஆனாலும் சாக்பீஸோடு அங்கேயே நின்றாள். "ஏறும்போது 400 கொடுத்தோம் சார். அதே நூறு ரூபாய் இறங்கும்போது ஏன் 300தான் எடுக்கிறோம்?" நான் வாயைத் திறக்குமுன் பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "அப்ப அவங்க கூடையில நாலு கிலோ இருந்துச்சு, இப்ப மூணு கிலோதானே இருக்கு."